ரூபா மச்சானும் டொலர் மச்சானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை இதுதான். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. மாமா மகன் ஒருவர், மாமி மகன் ஒருவர். இரண்டு பேரும் கட்டாரில் ஒன்றாக வேலை செய்து, 2011 கடைசியில் ஒன்றாகவே ஊர் திரும்பினார்கள். ஆளுக்கு 10,000 டொலர் சேமிப்பு. 2012 ஜனவரியில் ஒரு டொலர் ஏறத்தாழ 114 ரூபா. ஒருவர் முழுவதையும் மாற்றி 11 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டார். மற்றவர் டொலராகவே வெளிநாட்டு நாணயக் கணக்கில் விட்டார். இருவரும் வருடா வருடம் வட்டியோடு சேர்த்துப் புதுப்பித்தார்கள். 2024 முடிவில், அதாவது 13 வருடம் கழித்து, கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

இவர்கள் உண்மையான ஆட்களா?

இல்லை. ஆட்கள் கணக்குக்காக உருவாக்கியவர்கள். ஆனால் கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் திரும்பி வந்து இதே முடிவை எடுத்தவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். டொலரின் விலை உண்மையானது. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் சந்தையில் இருந்ததைத்தான் எடுத்திருக்கிறேன். ரூபா வட்டி, அந்தந்தக் காலத்தில் வங்கிகள் கொடுத்ததை ஒட்டி வட்டமாக்கியது: குறைந்த வருடங்களில் 6.5 வீதம், சாதாரண காலத்தில் 9 முதல் 11, நெருக்கடி முடிந்த கையோடு 2023இல் 22. டொலர் வைப்புக்கு 13 வருடமும் ஒரே 3 வீதம் போட்டிருக்கிறேன். நிஜத்தில் அது 2க்கும் 4க்கும் இடையில் ஆடியது, நெருக்கடி நேரத்தில் அதற்கு மேலும் போனது.

நேரடியாகச் சொல்லுங்கள், கடைசியில் யார் கையில் கூடக் காசு?

டொலர் மச்சான் கையில். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

2024 முடிவில் டொலர் மச்சானின் கணக்கில் ஏறத்தாழ 14,700 டொலர். அன்றைய விலை 293 ரூபா. மாற்றினால் 43 இலட்சம். ரூபா மச்சானின் வைப்பு, 2023இலும் 2024இலும் வட்டியில் பிடித்த 5 வீத வரியைக் கழித்தபின், 40 இலட்சத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. 13 வருடத்துக்கு மூன்று இலட்சம் வித்தியாசம். இடையில் நாடு வங்குரோத்தானதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

நம்ப முடியவில்லை. 114 ரூபா டொலர் 293 ஆகியிருக்கிறதே, ரூபாவில் வைத்தவர் அழிந்துதானே போயிருக்க வேண்டும்?

டொலரின் விலையை மட்டும் பார்ப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். 114இலிருந்து 293 என்பது 13 வருடத்தில், வருடத்துக்குச் சராசரி ஏழரை வீத ஏற்றம். டொலர் மச்சானுக்கு இதற்கு மேல் 3 வீத வட்டி. ரூபா மச்சானுக்குச் சராசரியாகப் பத்துச் சொச்சம் கிடைத்தது. ஏழரையும் மூன்றும் பத்தரை. அவ்வளவு நெருக்கம்.

இது தற்செயல் அல்ல. ரூபாவுக்கு வங்கி ஏன் 10 வீதம் தருகிறது, டொலருக்கு ஏன் 3தான் தருகிறது? ரூபா தேயும் என்று எல்லோருக்கும் தெரியும். தேய்வுக்கான நட்டஈடு வட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அது போதுமா போதாதா என்பதுதான் ஒவ்வொரு வருடமும் மாறுகிறது. முதல் பத்து வருடத்தில் போதுமானதாக இருந்தது: 2014 முடிவில் ரூபா மச்சானிடம் பதினைந்தரை இலட்சம், டொலர் மச்சானிடம் மாற்றினால் பதினாலேகால். 2017 முடிவில் ஒருவரிடம் 19.8, மற்றவரிடம் 18.2. 2018இல் ரூபா 183 வரை சரிந்தபோது டொலர் மச்சான் ஒரு எட்டு முன்னால் வந்தார். அடுத்த வருடமே பின்னுக்குப் போய்விட்டார். 2021 முடிவில், பத்து வருடம் நிறைந்தபோது, ரூபா மச்சானிடம் 28 இலட்சத்து 47 ஆயிரம், டொலர் மச்சானிடம் 26 இலட்சத்து 93 ஆயிரம். குடும்ப விசேஷங்களில் ரூபா மச்சான்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருப்பார்.

பிறகு 2022இல் என்ன நடந்தது?

2021 செப்டம்பரிலிருந்து ரூபாவை 200, 203 என்ற விலையில் கட்டி வைத்திருந்தார்கள். 2022 மார்ச் 7ஆம் தேதி மத்திய வங்கி 230 வரை போகலாம் என்று கயிற்றைத் தளர்த்தியது. அந்த மாதம் முடியும்போது டொலர் 300ஐத் தொட்டுவிட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே மாதம் 360இல் நின்றது. ஆண்டு முடிவில் 363.

அந்த டிசம்பரில் டொலர் மச்சானின் 13,842 டொலர், ரூபாவில் ஐம்பது இலட்சம். அந்த வருடம் 7 வீத வட்டிக்குப் புதுப்பித்திருந்த ரூபா மச்சானிடம் முப்பதரை. பத்து வருட முன்னணி பத்து வாரத்தில் போய், இருபது இலட்சம் பின்னுக்கு விழுந்தார்.

அடுத்த இரண்டு வருடம் படம் திரும்பவும் மாறியது. ரூபா வலுவடைந்து 2023 முடிவில் 324, 2024 முடிவில் 293. அதே நேரம் ரூபா மச்சானின் வைப்புக்கு 22 வீத வட்டி. அப்படித்தான் இருபது இலட்ச இடைவெளி மூன்று இலட்சமாகச் சுருங்கியது.

அப்படியானால் எதில் வைத்தாலும் ஒன்றுதான் என்கிறீர்களா?

நீங்கள் 2024 டிசம்பர் 31 அன்றுதான் காசை எடுப்பீர்கள் என்றால், ஆம். ஆனால் யாருக்கும் அப்படித் தேதி பார்த்துத் தேவை வருவதில்லை.

ரூபா மச்சானின் மகளுக்கு 2022 செப்டம்பரில் வெளிநாட்டில் படிப்புத் தொடங்குகிறது, முதல் வருடக் கட்டணம் 12,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் அவர் மனக்கணக்கு போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்: 28.47 இலட்சத்தை 200ஆல் வகுத்தால் 14,200 டொலர். கட்டணம் போக டிக்கெட்டுக்கும் மிஞ்சும். 2022 ஓகஸ்டில் அதே வைப்பு, சேர்ந்த வட்டியோடு 29 இலட்சத்து 60 ஆயிரம். டொலர் 365. வகுத்தால் 8,100. கிட்டத்தட்ட 4,000 டொலர் குறைகிறது. ரூபாவில் 14 இலட்சம். எட்டு மாதத்தில் மகளின் படிப்பு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. 2024இல் எல்லாம் சமமாகிவிடும் என்று அன்றைக்குப் போய் அவரிடம் சொன்னால் அடிக்க வருவார்.

அதே ஓகஸ்டில் டொலர் மச்சானின் மகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் அவருக்கு எந்த மாற்றமும் இல்லை. அவரிடம் இருந்தது டொலர், கேட்டதும் டொலர். எந்த நாணயத்தில் செலவு வருமோ அந்த நாணயத்தில் அந்தக் காசு இருந்தது. அவ்வளவுதான் அவருடைய கெட்டித்தனம்.

எங்கள் அம்மா வட்டியை மாதாமாதம் எடுத்துத்தான் சீவிக்கிறார். அவருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. எனக்கு வரும் கேள்விகளில் இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன்.

ரூபா மச்சான் 40 இலட்சத்துக்கு வந்தது வட்டியைத் தொடாததால். வட்டியை எடுத்துச் செலவழித்திருந்தால் 2024 முடிவிலும் அவரிடம் அதே 11 இலட்சத்து 40 ஆயிரம்தான் இருந்திருக்கும். டொலரில் பார்த்தால் 10,000ஆக இருந்தது 3,900க்குக் கொஞ்சம் குறைவு. டொலர் மச்சானும் தன் 3 வீதத்தை வருடா வருடம் எடுத்துச் செலவழித்திருந்தால், அவரிடம் முழு 10,000மும் அப்படியே இருந்திருக்கும்.

மாத வருமானத்தைப் பாருங்கள். 2012இல் 9 வீத வட்டிக்கு 11.4 இலட்சம் மாதம் 8,550 ரூபா கொடுத்தது. அந்தக் காலத்தில் ஒரு வயதானவருக்கு அது அரிசி, மரக்கறி, மருந்து எல்லாவற்றுக்கும் ஓரளவு கை கொடுத்திருக்கும். 2024 கடைசியில் வட்டி 8 வீதம் அளவில் நின்றபோது அதே முதல் மாதம் 7,600 ரூபா கொடுத்தது. இடையில் சாமான் விலை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. காசு குறைந்த மாதிரியே தெரியாது; வங்கிப் புத்தகத்தில் அதே எண்தான் இருக்கும். அதனால்தான் இதைப் பலர் கவனிப்பதில்லை.

தேய்வுக்கான நட்டஈடு வட்டிக்குள் இருக்கிறது என்று மேலே சொன்னேன். 10 வீத வட்டியில் ஏழு, எட்டு வீதம் உண்மையில் முதலின் தேய்மானம். அதை எடுத்துச் சாப்பிடுவது முதலைச் சாப்பிடுவது. டொலர் வட்டி 3 வீதம் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் அதில் பெரும்பகுதி எடுத்துச் செலவழிக்கக்கூடியது. உங்கள் அம்மா ரூபா வைப்பில்தான் இருக்க வேண்டும் என்றால், வரும் வட்டியில் முக்கால்வாசியை முதலோடு சேர்த்துவிட்டு மிச்சத்தை எடுக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் மாதக் காசு போதாது என்பார். போதாதுதான். அந்த வைப்பு அவருக்கு உண்மையில் தரக்கூடிய வருமானம் அவ்வளவுதான்.

சாமான் விலையோடு ஒப்பிட்டால் இருவரும் முன்னேறினார்களா?

கொஞ்சம். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணைத் தொடராகப் பார்த்தால் 2012 தொடக்கத்திலிருந்து 2024 முடிவு வரை விலைகள் ஏறத்தாழ மூன்று மடங்கு. 11.4 இலட்சத்தின் வாங்கும் சக்தி அப்படியே இருக்க 34 இலட்சம் அளவில் தேவை. இருவரும் அதற்கு மேலே நிற்கிறார்கள். ஆனால் 13 வருடப் பொறுமைக்குக் கிடைத்த கூலி சின்னதுதான்.

டொலர் ஏறினால் எல்லாம் அதே வேகத்தில் ஏறும் என்று நினைக்கக் கூடாது. சிலது அப்படி ஏறும். சாதாரண பெற்றோல் 2012 பெப்ரவரியில் லீற்றர் 149 ரூபா, அன்றைய டொலரில் ஒன்றே கால். 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா, டொலரில் 1.30. 2024 டிசம்பரில் 309, டொலரில் 1.05. ரூபாவில் மூன்று மடங்கு ஆடிய விலை, டொலரில் அசையவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஆசிரியர் சம்பளம், வீட்டு வாடகை, முடி வெட்டும் கூலி எல்லாம் டொலரைத் துரத்திப் பிடிக்க வருடக்கணக்காகும். 2022இல் டொலர் மச்சான் ராசா மாதிரி இருந்தது அதனால்தான்: அவருடைய காசு பெற்றோலோடு ஏறியது, அவர் கொடுக்கும் கூலி பழைய விலையில் நின்றது. விலைவாசி ஏற்றம் அந்த செப்டம்பரில் 69.8 வீதத்தில் உச்சம் தொட்டது. அதற்குள் அவருடைய சலுகையும் பாதி கரைந்துவிட்டது. பிறகு ரூபா வலுத்தபோதும் பொதுவான விலைவாசி பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

சரிவு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடிந்திருக்குமா?

நாள் சொல்ல முடியாது. ஆனால் 200 என்பது பொய் விலை என்று 2021 கடைசியில் வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசைக் கைமாற்றிக் கொடுக்கும் எந்த உண்டியல்காரரை யாழ்ப்பாணத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பார். வங்கியில் 203; உண்டியலில் 240க்கு மேல். கட்டாரில் இருப்பவர் வங்கி மூலம் அனுப்ப என்ன பைத்தியமா? 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுப் பணிப்பணம் 2021இல் 5.5 பில்லியனாகக் குறைந்தது. ஆட்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை, வழியை மாற்றினார்கள். அதைத் தடுக்க டிசம்பரில் வங்கி வழியாக வரும் டொலருக்கு மேலதிகமாகப் பத்து ரூபா தருவதாக அறிவித்தார்கள். உண்மை விலைக்கும் வங்கி விலைக்கும் நாற்பது ரூபா இடைவெளி இருக்கும்போது பத்து ரூபாவால் என்ன ஆகும்?

இரண்டாவது அடையாளம் நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர். 2021 முடிவில் 3.1. அதிலும் ஏறத்தாழ ஒன்றரை பில்லியன் சீன நாணய இடமாற்று ஒப்பந்தத்தில் வந்தது, நினைத்தபடி செலவழிக்க முடியாதது. அந்த நிலையில் 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் முறிக் கடனையும் திருப்பிக் கட்டினார்கள்.

ஆகவே 2021 முடிவில் ரூபா மச்சான் முன்னணியில் இருந்தார் என்று நான் எழுதியதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். 200ஆல் வகுத்தால்தான் அவர் முன்னால். உண்டியல் விலை 240 என்று வைத்து டொலர் மச்சானின் காசைப் பெருக்கிப் பாருங்கள்: 32 இலட்சம். சரிவு அப்போதே நடந்துவிட்டது. அறிவிப்புத்தான் மார்ச் மாதம் வந்தது.

ரூபா மச்சான் 2022இல் ஏன் 7 வீதத்திலேயே மாட்டிக்கொண்டார்? வைப்பை உடைத்திருக்கலாமே?

உடைத்திருக்கலாம், உடைத்திருக்கவும் வேண்டும். அவருடைய வைப்பு ஜனவரியில் புதுப்பித்தது. ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. சில வாரங்களில் புதிய வைப்புகளுக்கு 20 வீதத்துக்கு மேல் தரத் தொடங்கினார்கள்.

முதிர்வுக்கு முன் உடைத்தால் வங்கி இதுவரை சேர்ந்த வட்டியைக் குறைக்கும். மோசமான நிலையை வைத்தே பார்ப்போம்: ஜூன் முடிவில் உடைக்கிறார், ஆறு மாத வட்டி முழுவதும் போகிறது. இழப்பு ஒரு இலட்சம். அன்றே அந்த 28.47 இலட்சத்தை 22 வீதத்தில் போட்டால், 7 வீதத்தை விட வருடத்துக்கு 4 இலட்சத்து 27 ஆயிரம் கூட. பழைய வைப்பு முடிய இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் எடுத்தாலே 2 இலட்சத்து 13 ஆயிரம். இழப்பு போக ஒரு இலட்சத்துக்கு மேல் இலாபம். கிளையில் இருப்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. நாமே கடதாசியில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

பயந்து 2022 கடைசியில் ரூபாவை டொலராக மாற்றியவர்களின் கதி?

அவர்கள்தான் இந்தக் கதையின் உண்மையான நட்டக்காரர்கள். 363க்கு 10 இலட்சத்தை மாற்றினால் 2,755 டொலர். இரண்டு வருட வட்டி கிடைத்ததாகவே வைத்தாலும் 2,920. 293க்குத் திருப்பினால் எட்டரை இலட்சம். மாற்றாமல் வைப்பில் போட்டிருந்தால் 22 வீதமும் அடுத்து 9 வீதமும் சேர்ந்து வரி போக 13 இலட்சம். கள்ளச்சந்தையில் இதை விடக் கூடிய விலைக்கு வாங்கியவர்களின் கணக்கை நான் போட்டுக் காட்டப் போவதில்லை.

டொலர் கணக்கை அரசு எடுத்துவிடும் என்று அப்போது பேச்சு அடிபட்டதே. அது வெறும் வதந்தியா?

இலங்கையில் நடக்கவில்லை. 2023 ஜூன் கடைசியில் ஐந்து நாள் வங்கி விடுமுறை விட்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அறிவித்தபோதும் வங்கி வைப்புகளை, ரூபாவோ டொலரோ, தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதிதான் அடி வாங்கியது. டொலர் மச்சானுக்கு ஏற்பட்ட சிரமம், 2022இல் சில வங்கிகள் டொலரை நோட்டாகக் கையில் கொடுக்கத் தயங்கியது. ரூபாவாக எடுக்கத் தடை இருக்கவில்லை.

ஆனால் பயம் வீண் பயம் அல்ல. வங்கிக் கணக்கில் இருக்கும் டொலர், இரும்புப் பெட்டியில் அடுக்கி வைத்த டொலர் அல்ல. வங்கி அதை யாருக்கோ கடனாகக் கொடுத்திருக்கிறது, ஒரு பகுதியை அரசுக்கே. இலங்கை அபிவிருத்தி முறிகள் என்ற டொலர் கடன் பத்திரங்களை வாங்கிய உள்ளூர் வங்கிகள் இருந்தன. மறுசீரமைப்பில் அவற்றை ரூபா முறிகளாக மாற்றும் தெரிவும் வந்தது. வங்கி உங்களுக்குத் தர வேண்டியது டொலர், வங்கிக்கு வர வேண்டியது ரூபா என்று ஆகும் இடம் அதுதான்.

லெபனானில் அந்த நிலை முற்றியது. 2019 ஒக்டோபருக்குப் பிறகு வங்கிகள் டொலர் வைப்புகளைப் பூட்டின. நாட்டு நாணயமாக எடுக்கலாம், ஆனால் சந்தை விலையை விட மிகக் குறைந்த விலையில். அங்கே ஒரு டொலர் மச்சான் இருந்திருந்தால், கணக்கில் 14,000 டொலரைப் பார்த்துக்கொண்டே அதில் பெரும்பகுதியை இழந்திருப்பார். பாகிஸ்தானில் 1998 மே மாதம் அணுகுண்டுச் சோதனை நடந்த கையோடு வெளிநாட்டு நாணயக் கணக்குகளை முடக்கினார்கள். நாட்டில் டொலர் தீர்ந்துபோனால் முதலில் கண் போவது உள்ளூர் வங்கியில் இருக்கும் பொதுமக்களின் டொலர் மேல்தான்.

நான் ரூபாவில் சம்பளம் வாங்குகிறேன். டொலர் மச்சானைப் போலச் சேர்க்க வழி உண்டா?

நேர்வழி கிடையாது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் பழைய கணக்கு வகைகளை ஒன்றாக்கி, தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று ஆக்கியது. அதில் வெளிநாட்டிலிருந்து வந்த காசைத்தான் போடலாம்; ரூபாவைக் கொண்டுபோய் மாற்றிப் போட முடியாது. கனடாவில் இருக்கும் அண்ணா உங்கள் பெயருக்கு அனுப்பினால் போடலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்தே வேலை செய்து டொலர் வாங்குகிறீர்கள் என்றாலும் போடலாம்.

அலுமாரியில் நோட்டாக வைப்பதற்கும் எல்லை உண்டு. 2022 ஜூனில் அந்த எல்லையை 15,000 டொலரிலிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். அதற்கு வட்டியும் இல்லை, கறையான் பயமும் உண்டு.

வேறு தேதியில் தொடங்கியிருந்தால் முடிவு மாறுமா?

தலைகீழாக மாறும். 2012 ஜூலையில் டொலர் 133. அன்றைக்கு 10,000 டொலரை மாற்றியிருந்தால் ரூபா மச்சானின் கையில் 11.4 அல்ல, 13 இலட்சத்து 30 ஆயிரம். அங்கிருந்து கணக்கைத் தொடங்கினால் 2024 முடிவில் அவரிடம் 44 இலட்சத்துக்கு மேல், டொலர் மச்சானிடம் 42.4. ஆறு மாதம் பிந்தி விமானம் ஏறியிருந்தால் கதையில் வென்றவர் மாறியிருப்பார். வலைத்தளங்களில் யாராவது ஒரே ஒரு தொடக்கத் தேதியையும் ஒரே ஒரு முடிவுத் தேதியையும் போட்டு டொலர்தான் தெய்வம் என்றோ, ரூபா வட்டிக்கு ஈடு இல்லை என்றோ காட்டினால், இரண்டு தேதியையும் ஒரு வருடம் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறேன். இந்திய ரூபாயிலும் இதே கதைதானா?

அதே கதை, அதிர்ச்சி இல்லாமல். 2012 தொடக்கத்தில் டொலர் 53 இந்திய ரூபாய் அளவில், 2024 முடிவில் 85க்கு மேல். வருடத்துக்கு நாலு வீதத்துக்கும் குறைவான தேய்வு. வெளிநாட்டில் வேலை செய்பவர் ரூபாயில் போட என்.ஆர்.இ. வைப்பு, வெளிநாட்டு நாணயத்திலேயே போட எஃப்.சி.என்.ஆர். வைப்பு. முதலாவதில் சராசரி 7 வீதம், இரண்டாவதில் 3 வீதம் என்று வைத்து 13 வருடம் ஓட்டிப் பார்த்தேன். 10,000 டொலர் முதலாவதில், திருப்பி மாற்றியபின், ஏறத்தாழ 14,900. இரண்டாவதில் 14,700.